முதல் முதலமைச்சர் யார்?

வரலாறு, நடப்பு நிகழ்வுகள் பற்றிய வினாடி வினாப் போட்டியைத் தொடங்கிவைத்து வரவேற்புரை ஆற்றும் ஆசிரியர்கள் பலர், தாளாளரில் தொடங்கி பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வரை எல்லோருக்கும் ‘அவர்களே’ போட்டு முடிப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள். போட்டி விதிகளைச் சொல்ல நேரம் இருப்பதில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு பள்ளி ஆசிரியர்கள் மேடையேறி வாதாடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

ஒரு கேள்வியைப் பாருங்கள்: தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்? 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல்வரான சுப்பராயலு ரெட்டியார் என்கிறது ஓர் அணி. சுதந்திரம் பெற்ற நாளில் அந்தப் பதவியில் இருந்தவர் ஓமந்தூரார் என்கிறது அடுத்தது. 1952 பொதுத்தேர்தலுக்குப் பின் பதவியேற்ற ராஜாஜி என்பது மூன்றாவது அணி. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரி 14-இல்; அப்போது முதல்வர் அண்ணாதுரை. நான்கு பதில்களுக்கும் ஆதாரம் உண்டு. கோளாறு கேள்வியில்தான். ‘சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியபோது முதல்வராக இருந்தவர் யார்?’ என்று கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை.

நடப்பு நிகழ்வுகளில் வேறு மாதிரி வில்லங்கம். தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? 2019 தொடக்கத்தில் அச்சான பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளை 32 என்று சொல்வான். அந்த ஆண்டிலேயே கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் சேர்ந்தன. 2020-இல் மயிலாடுதுறையும் வர, 38 ஆயிற்று. அதனால் எந்தத் தேதி வரையிலான செய்திகள் கணக்கில் வரும் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். வரவேற்புரையில் அதை இன்னொரு முறை சொன்னால் போதும்.

விருந்தினர்களை ஒரே வாக்கியத்தில் வரவேற்றுவிட்டு, ஆசிரியர் இப்படித் தொடரலாம்:

“மாணவச் செல்வங்களே, முதலில் எழுத்துத் தேர்வு. அதிக மதிப்பெண் பெறும் ஆறு அணிகள் மேடைக்கு வரும். தாளில் சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறோம். இரண்டு அணிகள் சமமாக வந்தால், அந்தக் கேள்விகளில் யார் அதிகம் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். சென்ற மாதக் கடைசி நாள் வரையிலான செய்திகள் மட்டுமே கேட்கப்படும். ஒரு விடையில் சந்தேகம் இருந்தால், அடுத்த கேள்வி தொடங்கும் முன் உங்கள் அணி கை தூக்க வேண்டும். நடுவர் சொல்வதே முடிவு. உடன் வந்திருக்கும் ஆசிரியர்கள், பெற்றோர்கள் தயவுசெய்து குறுக்கிட வேண்டாம்.”

நிதானமாகப் பேசினாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சற்று உரக்கச் சொல்லுங்கள். மேடையில் இருக்கும் பிள்ளைகளைவிட, கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது.