சட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்

தை பிறப்பதற்கு முன்பே தஞ்சாவூர், கும்பகோணம் கடைத்தெருக்களில் பொங்கல் பானைகளோடு குழம்புச் சட்டிகளும் வந்து இறங்கிவிடும். வாங்க வருபவர்கள் முதலில் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. சத்தம் அமுங்கி வந்தால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. நல்ல சோதனைதான். ஆனால் சட்டியின் உள்ளே என்ன பூசியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

வெறும் மண்சட்டியில் அந்தச் சொட்டு நிற்காது. கண்ணெதிரே உள்ளே இறங்கி, கருத்த வட்டமாகப் பரவும். வைக்கோலும் விறகும் போட்டு எரிக்கிற ஊர்ச் சூளையில் சூடு பொதுவாக 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரைதான் ஏறும். அந்தச் சூட்டில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன, உருகி ஒன்றாவதில்லை. இடையில் நுண்துளைகள் நின்றுவிடுகின்றன. சட்டி அடுப்புச் சூட்டைத் தாங்குவதற்கு அவையும், மண்ணோடு பிசைந்த மணலும் காரணம். ஒரு மயிரிழை விரிசல் கிளம்பினாலும் அடுத்த துளையிலோ மணல் பரலிலோ முட்டி நின்றுவிடும்.

சொட்டு உருண்டு அப்படியே நின்றால்தான் யோசிக்க வேண்டும். காவி மண் கரைசலைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சட்டியிலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அது வெறும் மண்தான், பயமில்லை. புகையை உள்ளே அடக்கிச் சுட்ட கறுப்புச் சட்டியின் நிறம் கரியால் வருவது. கீழடியில் கிடைத்த கறுப்புப் பூச்சு ஓடுகளிலும் கரிதான் இருந்தது. அதில் கார்பன் நுண்குழாய்கள் இருப்பதை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பளபளப்பு வார்னிஷாக இருந்தால், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்ததும் கரைந்து வரும். அந்தச் சட்டியில் சமைக்கக் கூடாது.

அசிட்டோனில் கரையாத, கண்ணாடித் தோல் போன்ற பூச்சுதான் உண்மையான கவலை. கண்ணாடிக்கு ஆதாரமான மணல் தானாக உருக 1,700 டிகிரி வேண்டும். விறகுச் சூளையில் அதை உருக்க வேண்டுமானால் துணைக்கு ஏதாவது சேர்க்க வேண்டும். உலகெங்கும் குயவர்கள் நெடுங்காலம் சேர்த்தது காரீய ஆக்சைடு. மலிவானது, குறைந்த சூட்டிலேயே தேன்போல மின்னும். மெக்சிகோவில் இந்தப் பூச்சுள்ள சட்டிகளால் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏறுவது இன்றும் தொடர்கிறது. காரீயம் கலக்காத பூச்சுகளும் இருக்கின்றன. ஆனால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஆய்வகத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது ஏறக்குறைய வினிகரின் புளிப்பு, ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதில் எவ்வளவு காரீயமும் காட்மியமும் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். நம் டெல்டா வீடுகளில் மீன் குழம்பு வைக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிப் புளியைக் கரைத்து ஊற்றி, கொதிக்கவிட்டு, மறுநாள்தான் ருசி என்று இரவு முழுக்கச் சட்டியிலேயே விடுகிறோம். ஆய்வகம் அறைச் சூட்டில் செய்வதை நாம் கொதிக்கவைத்தும் செய்கிறோம். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் காரீயச் சோதனைக் குச்சிகள் தவறவிடக்கூடும்; எனவே ஆய்வக அறிக்கை இல்லாத, உள்ளே பூச்சுள்ள சட்டியை நான் வாங்கமாட்டேன். புளித்தண்ணீரைப் பலமுறை கொதிக்கவைத்துக் கொட்டினால் விஷம் போய்விடும் என்று சிலர் சொல்வது தவறு. புளிப்பு பூச்சை அரிக்கும். அடியில் இருக்கும் காரீயம் அடுத்த குழம்புக்கு வரும்.

பூச்சில்லாத சட்டியின் துளைகளை அடைக்க நம்மிடம் வடிகஞ்சி இருக்கிறது. புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்தால் துளைகளிலிருந்து காற்று முத்துமுத்தாக வெளியேறும். பிறகு முக்கால் சட்டி வடிகஞ்சி ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். வடிக்கும்போதே வெந்து குழைந்துவிட்ட மாவுப்பொருள் தண்ணீரோடு துளைகளுக்குள் புகுந்து, காயும்போது அங்கேயே படியும். அரை மணி நேரம் கொதித்ததும் இறக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். மூன்று நாள் இப்படிச் செய்தபின் நல்லெண்ணெய் தடவி, மெல்லிய சூட்டில் காட்டினால் எண்ணெய் துளைகளில் ஊறிவிடும்.

வடிகஞ்சி இல்லாவிட்டால் அரிசி களைந்த தண்ணீரும் உதவும்; மாவு குறைவு என்பதால் இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். வெளிப்புறம் தொடர்ந்து கசிந்துகொண்டே இருந்தால் அது துளையல்ல, விரிசல்; எத்தனை கஞ்சி ஊற்றினாலும் அடையாது. முதல் சில நாள் கீரையோ பருப்போ சமைத்துவிட்டு, அதன்பின் புளிக்குப் போகலாம். சூடான சட்டியைக் குளிர்ந்த தரையில் வைக்காமல் வைக்கோல் பிரிமணையில் இறக்குங்கள். சோப்பு துளைகளில் ஊறி அடுத்த குழம்பில் மணக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும். கழுவியதும் ஈரத்தோடு மூடிவைத்தால் துளைக்குள் தங்கிய கஞ்சியிலேயே பூஞ்சை பிடிக்கும்.