சாக்கியாரின் சிரிப்பும் சபையோரின் மானமும்

நம் கரமனைச் சங்க ஆண்டுவிழாக்களில் இளைஞர்கள் மேடையேறி, சபையோரையே கேலிக்குப் பொருளாக்கும் தனியுரைகளை நிகழ்த்தத் தொடங்கியுள்ளனர். இக்கலை மேனாட்டார் தந்த புதுமை என்று எண்ண வேண்டா. சேர நாட்டுச் சாக்கியார் கூத்தில் இது நெடுங்காலமாக வழங்கி வருவதே. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் ஆடிய கூத்தச் சாக்கையனையும் அன்பர்கள் அறிவர்.

சாக்கியார் வடமொழிச் சுலோகம் ஒன்றைச் சொல்வார். பிறகு மலையாளத்தில் விரித்துரைப்பார். விரித்துரைக்கும்போது சபையில் ஒருவரைக் கதைக்குள் இழுத்துக்கொள்வார். அரசரையும் கேலி செய்யும் உரிமை அவருக்குண்டு. கேட்பவர் மறுமொழி கூறலாகாது. கூறினால் சாக்கியார் தலையணியைக் கழற்றிவிட்டுக் கூத்தை நிறுத்திவிடுவார் என்பது வழக்கு.

ஓர் உதாரணம் கற்பித்துக் காண்போம். கண்ணன் தூது வரும் கதை நடைபெறுகிறது. கண்ணனைக் கண்டு எவரும் எழலாகாது, எழுந்தால் பன்னிரண்டு பாரம் பொன் தண்டம் என்று துரியோதனன் ஆணையிடுவதாகப் பாஸகவியின் ‘தூதவாக்கியம்’ கூறுகிறது. அவ்வேளையில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் தாமதமாக வருகிறார். வழிவிட நால்வர் எழுகின்றனர். உடனே சாக்கியார், “இதோ வந்துவிட்டார்! நால்வர் எழுந்துவிட்டனர். நாற்பத்தெட்டுப் பாரம் பொன்னை யார் கட்டுவது?” என்கிறார். சபை சிரிக்கிறது, பிரமுகரும் சிரிக்கிறார்.

இக்கேலி ஏன் புண்படுத்தவில்லை? தாமதம் அவரே செய்த செயல், எல்லோரும் கண்டது, நாளை திருத்திக்கொள்ளக் கூடியது. உடற்குறை, குலம், வறுமை, குடும்பத் துயர் ஆகியவை அத்தகையன அல்ல. அவர் செல்வாக்குடையவராதலால் ஒரு சொல்லால் தாழ்ந்துவிட மாட்டார். மேலும் அவருக்குக் கிடைத்ததோ கண்ணன் வேடம்! சொல் முடிந்ததும் சாக்கியார் சுலோகத்திற்குத் திரும்பிவிடுகிறார். அவரையே மீண்டும் மீண்டும் குத்துவதில்லை.

தேர்வு பிழைத்தால் நேர்வதற்கும் கதையுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில், மிழாவு கொட்டிய குஞ்சன் நம்பியார் கூத்தினிடையே கண்ணயர்ந்தாராம். சாக்கியார் அவரைச் சபையறியப் பழித்தாராம். மறுநாளே நம்பியார் அம்பலப்புழையில் துள்ளலை அரங்கேற்றிக் கூட்டத்தைத் தம்பால் ஈர்த்தார் என்பர். இந்நம்பியாரே பின்னர் நம் திருவனந்தபுரத்தில் மார்த்தாண்டவர்மர் அவையை அடைந்தவர். பிரமுகர் விரும்பி வந்தமர்ந்தவர். நம்பியாரோ தொழிலால் கட்டுண்டு, எழவும் மறுமொழி சொல்லவும் இயலாதிருந்தவர். அத்தகையோரைத் தேர்ந்தெடுத்தல் கேலியன்று, கொடுமையே.

ஆதலின் மேடையேறும் இளைஞர் முதலில் முகங்களை நோக்குக. நிமிர்ந்து கண்ணோடு கண் நோக்கிச் சிரிப்பவரை அழைக்கலாம். தலைகுனிபவரையும், உணவு பரிமாறுவோர், விளக்குப் பிடிப்போர் முதலிய பணியாளரையும் விட்டுவிடுக. சொல்லிய பின் அவரருகில் இருப்போரைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சிரியாது அவர் முகத்தையே பார்த்தால் சொல் தைத்துவிட்டது என்று பொருள். அப்போது விளக்கம் கூறி நீட்டாமல், கேலியைத் தம்மேல் திருப்பிக்கொண்டு கதைக்கு மீள்க. சாக்கியாரின் தலையணி நம்மிடம் இல்லை. ஆகவே மறுமொழி கூறும் உரிமை சபையோருக்கு உண்டு என்பதையும் மறவற்க.