இளியிறக்கமும் படியேற்றமும்: இசைத்தொடர் நீளும் நெறி

மேலையிசையில் மூன்று அல்லது நான்கு நரம்புகள் ஒருங்கே ஒலிப்பதை இசைக்கூட்டு என்றும், கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து ஓரிடத்தில் ஓய்வு கொள்ளும் முழுமையான அலகை இசைத்தொடர் என்றும், அவ்வோய்வை முத்தாய்ப்பு என்றும் இக்கட்டுரை வழங்கும். நரம்பு என்னும் சொல் இசைநிலையைக் குறிக்கப் பண்டைத் தமிழிசை நூலோர் ஆண்டதே. இளி என்பது குரலிலிருந்து எண்ணி வரும் ஐந்தாம் நரம்பு என்பதும் அவர்கள் வகுத்ததே. இருநரம்புகளுக்கிடையே அத்தகைய ஐந்தாம் நிலைத் தொலைவு அமைந்தால் அத்தொலைவையும் இளி என்றே கொள்வோம். நிரலின் ஏழு படிகளை 1 முதல் 7 வரை எண்ணிட்டு, எந்தப் படியின்மேல் ஒரு கூட்டு எழும்புகிறதோ அந்தப் படியின் எண்ணாலேயே அக்கூட்டையும் அழைப்போம். எண்கள் இருக்கையில் அயலெழுத்துகளைக் கடன் கொள்ள வேண்டியதில்லை.

கூட்டுகளின் ஒரு சிறு நடை, பெரும்பாலும் இரண்டே கூட்டுகள் கொண்ட நடை, ஒருமுறை ஒலித்தபின் அதே வடிவில் வேறொரு படியிலிருந்து மீண்டும் ஒலிக்குமாயின் அது பெயர்ச்சியடுக்கு எனப்படும். முதலில் ஒலிப்பது முதலுரு. பெயர்ந்து ஒலிப்பது மறுவுரு. மறுவுரு ஒவ்வொன்றும் தாழ்ந்து செல்லலாம், உயர்ந்தும் செல்லலாம். பெயரும் தொலைவும் பலவாகலாம். அவ்வகைகளுள் இசைவாணர் மிகுதியாகக் கையாண்டவை இரண்டு: அடிக்குரல் இளியிளியாக இறங்கும் இளியிறக்கம், மறுவுரு ஒவ்வொன்றும் ஒரு படி உயரும் படியேற்றம். ஒன்று இறங்குவது, மற்றது ஏறுவது என்பதால் இவற்றை எதிரெதிரானவை என்று கருதுவது இயல்பு. உள்ளே நுழைந்து பார்த்தால் இரண்டையும் இயக்குவது ஒரே விசை என்பது புலப்படும்.

அவ்விசையை முதலில் அறிவோம். 5ஆம் கூட்டு ஒலித்தபின் 1ஆம் கூட்டு வருவதே மேலையிசையின் வலிமிக்க நடை. அடிக்குரல் ஓர் இளி இறங்குகிறது, முத்தாய்ப்பு நிகழ்கிறது. இந்நடையையே வேறு படிகளில் வைத்தாலும் ஈர்ப்பு முற்றும் மறைவதில்லை: 2 இலிருந்து 5 இற்கும், 6 இலிருந்து 2 இற்கும் இறங்குவன எல்லாம் அதே உறவின் சாயல்கள். இவற்றைக் கோத்தால் 1–4–7–3–6–2–5–1 என்னும் சுற்று பிறக்கிறது. இளி மட்டுமே இறங்கிச் சென்றால் அடிக்குரல் ஆழத்தில் மறைந்துவிடுமாதலின், ஒருமுறை இளி இறங்கியும் மறுமுறை நான்காம் நிலைக்கு ஏறியும் நடத்துவர். கூட்டின் பெயர் மாறாது, குரல் தன் எல்லைக்குள் நிற்கும். அந்நடையை இரண்டிரண்டாகப் பிரித்து நோக்குக: 1–4, 7–3, 6–2, 5–1. இணை ஒவ்வொன்றும் முன்னையதினும் ஒரு படி தாழ்ந்து நிற்கிறது.

இச்சுற்று ஏழே அடியில் புறப்பட்ட இடம் சேர்வதற்கு ஓர் எண்கணக்கு உண்டு. எண்மநிலை ஒன்றில் 12 அரைநிலைகள். நிறைவான இளி ஒன்றுக்கு 7 அரைநிலைகள். நிறைவான இளிகளாகவே இறங்கினால் 12 முறை இறங்கிய பின்னரே தொடங்கிய நரம்பின் பெயர் திரும்பக் கிட்டும். அதற்குள் நிரலுக்குப் புறம்பான நரம்புகளையெல்லாம் தொட்டாக வேண்டும். ஆனால் பெருநிரலில் 4 இலிருந்து 7 இற்கு இறங்கும் இளி மட்டும் 6 அரைநிலைகளே உடைய குறுகிய இளி. எஞ்சிய ஆறும் நிறைவானவை. ஆறு ஏழு 42, அதனோடு 6 சேர்ந்து 48. அதாவது சரியாக நான்கு எண்மநிலைகள். அக்குறுகல் ஒன்று இருப்பதாலேயே சுற்று நிரலைவிட்டு வெளியேறாமல் மூடிக்கொள்கிறது. சிறுநிரலில் அக்குறுகல் 6 இற்கும் 2 இற்கும் இடையே விழும், கணக்கு மாறுவதில்லை.

மேற்குரல்களின் நடையோ இன்னும் நுண்ணியது. மூன்று நரம்புக் கூட்டோடு ஏழாம் நரம்பையும் சேர்த்து நான்காக்குவோம். அப்போது 2ஆம் கூட்டில் மூன்றாவதாக நிற்கும் 4ஆம் படி, அசையாமல் நின்றபடியே 5ஆம் கூட்டின் ஏழாவது நரம்பாகிறது. 2ஆம் கூட்டின் ஏழாவதாக நின்ற 1ஆம் படியோ அரைநிலை தாழ்ந்து 7ஐ அடைந்து, 5ஆம் கூட்டின் மூன்றாவதாகிறது. அடுத்த நடையில் இவ்விரு குரல்களும் பணி மாற்றிக்கொள்ளும்: நின்றது இறங்கும், இறங்கியது நிற்கும். அடிக்குரல் தாவித் தாவிச் செல்ல, மேலிரு குரல்களும் மாறிமாறி ஒவ்வொரு படியாக வழுக்கி இறங்கும் இவ்வொழுங்கே இளியிறக்கத்தின் இனிமைக்கு ஏது.

இனித் தொடர் நீளும் முறைக்கு வருவோம். தாளக்கட்டு ஒன்றுக்கு ஒரு கூட்டாக 1–2–5–1 என நான்கு தாளக்கட்டில் முடியும் எளிய தொடர் ஒன்றை எடுத்துக்கொள்க. இதன் 1 இற்கும் 2 இற்கும் நடுவே 4–7–3–6 என்னும் நான்கையும் செருகினால் தொடர் எட்டுத் தாளக்கட்டாகிறது. செருகிய இடத்தை நோக்குக: தொடக்கம் மாறவில்லை, 2–5–1 என்னும் முடிவும் மாறவில்லை. சுற்று தானாகவே 2 இல் வந்து சேர்வதால், பழைய தொடரின் முடிவும் புதிய அடுக்கின் முடிவும் ஒன்றாகவே இணைந்துவிடுகின்றன, ஒட்டு தெரிவதில்லை. முத்தாய்ப்பை வெறுமனே ஒத்திப்போட்டிருந்தால் கேட்போர் சலித்திருப்பர். இங்கே ஒவ்வோர் அடியிலும் ஒரு சிறு முடிவின் சாயல் கிட்டுவதால், காத்திருப்பது நகர்வதுபோல் தோன்றுகிறது.

செருமானிய இசைநூலார் கோக், 1782 முதல் 1793 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட தம் படைப்பியல் நூலில் தொடர் நீட்டும் வழிகளை ஆராய்ந்தவர். நான்கு தாளக்கட்டுத் தொடர் உள்ளே விரிந்து நீண்டாலும், கட்டமைப்பில் அது நான்கின் மதிப்பையே பெறும் என்பது அவர் கொள்கை. இது மெய்யே என்பதற்கு மேலே செருகிய நான்கையும் நீக்கிப் பாடிப் பார்ப்பதே சான்று: எதுவும் முறிவதில்லை. மொசார்ட்டு 1788இல் எழுதிய எளிய பெருநிரல் விசைப்பலகைப் பாடலின் (கோகெல் எண் 545) முதற் பிரிவில், இரண்டாம் கருத்து 14ஆம் தாளக்கட்டில் தொடங்குகிறது; 18 முதல் 21 வரை இரு கைகளும் மாறிமாறிக் கூட்டுகளைச் சிதறவிட்டு இளியிறக்கத்தில் செல்கின்றன; அதன் பின்னரே முத்தாய்ப்புக்கான ஏற்பாடு தொடங்குகிறது. புதிய கருத்தேதும் அந்நான்கில் இல்லை. அவை தொடருக்கு உள்ளிடம் மட்டுமே.

ஆண்டெல் 1720இல் வெளியிட்ட தொகையின் சிறுநிரல் பாசக்காலியாவில் (ஏழாம் தொகுப்பு) நிகழ்வது இதனின் வேறு. அங்கே தாளக்கட்டுக்கு இரண்டாக எட்டுக் கூட்டுகள், நான்கே தாளக்கட்டில் முழுச்சுற்றையும் முடித்துவிடுகின்றன; சுற்றே கருப்பொருள், அதன்மேல் மாறுவடிவுகள் அடுக்கப்படுகின்றன. நீட்டப்படுவதற்கு வேறு தொடர் இல்லை. 1978இல் குளோரியா கெய்னர் பாடிப் புகழ்பெற்ற நடனப்பாடலும் அதே சிறுநிரற் சுற்றின்மேல் எழுந்தது. ஆனால் அது 5 இலேயே நின்று, 1ஐ அடுத்த சுற்றின் தொடக்கத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. இளியிறக்கம் இருக்கும் இடமெல்லாம் தொடர்நீட்டம் இருப்பதாகக் கொள்வது பிழை.

படியேற்றத்துக்கு இடர் முதலடியிலேயே காத்திருக்கிறது. 1, 2, 3 எனக் கூட்டுகளை வரிசையாக உயர்த்தினால் அடிக்குரலும் அதன் இளியும் ஒருசேர ஏறும். இளிகளின் அவ்வுடனோட்டம் குரல்களின் தனித்தன்மையை அழிப்பதாகப் பழைய நெறி அதனை விலக்கியது. இதற்குக் கண்ட தீர்வு எளியது: அடிக்குரல் 1 இல் நிற்கும்போதே மேற்குரல் 5 இலிருந்து 6 இற்கு முன்னதாக ஏறிவிடுகிறது. பின் அடிக்குரல் 2 இற்கு ஏறும்போது அந்த 6 அசையாமல் நின்று, 2 இன் இளியாகிறது. குரல்கள் ஒருங்கு ஏறாமல் முன்பின்னாக ஏறுவதால் உடனோட்டம் ஒழிந்தது. ஆயினும் இடையில் பிறந்த கூட்டு எது? 1 இன்மேல் 6 நிற்க விளைவது 6ஆம் கூட்டு. ஆகவே கூட்டுகளின் வேர்களை மட்டும் எழுதினால் 1–6–2–7–3–1–4 என்றாகிறது. 6 இலிருந்து 2 இற்கு, 7 இலிருந்து 3 இற்கு, 1 இலிருந்து 4 இற்கு: ஏற்றத்தின் ஒவ்வொரு படியையும் தள்ளி ஏற்றுவது மறைந்திருக்கும் இளியிறக்கமே.

பின்வந்தோர் அம்மறைவையும் நீக்கினர். இடைக்கூட்டின் மூன்றாம் நரம்பை அரைநிலை உயர்த்தினால் அது அடுத்த கூட்டுக்கு 5ஆம் கூட்டின் வலிமை பெறும். அடிக்குரல் 1, உயர்ந்த 1, 2, உயர்ந்த 2, 3 என அரைநிலை அரைநிலையாக ஊர்ந்தேறும். 3 இற்கும் 4 இற்கும் இடையில் இயல்பாகவே அரைநிலை மட்டும் உள்ளதால் அங்கே அடிக்குரல் உயர வழியில்லை. அது 3 இலேயே நின்றிருக்க, மேலே 7ஆம் படி தாழ்ந்து 1ஆம் கூட்டை 4 இற்கு வாயிலாக்கும். இசைநூலார் இரீப்பல் 1755இல் தம் நூலில் இருவகைச் சிறு அடுக்குகளுக்கு இத்தாலியப் பெயரிட்டார்: 6–2, 5–1 எனத் தாழ்வதைக் கிணறு என்றும், 1–4, 2–5 என உயர்வதை மலை என்றும். ஒரே இளியிறக்க இணைதான். மறுவுரு ஒரு படி தாழ்ந்தால் கிணறு, ஒரு படி உயர்ந்தால் மலை.

பயனில் இவை வேறுபடும். இறக்கம் தானே வீடு திரும்பும். ஏற்றம் திரும்பாது, இசைவாணரே அதனை நிறுத்த வேண்டும். 4 இலோ 5 இலோ வெட்டி முத்தாய்ப்புக்குத் திருப்புவதே பெருவழக்கு. அவ்விடத்தைத் தாண்டினால் 6, 7 என முடிவுக்குப் புறம்பான படிகளில் ஏற்றம் வலுவிழக்கும். இறுக்கம் கூட்ட ஏற்றமும், தளர்த்தி நடத்த இறக்கமும் ஏற்றவை.

அடுக்கு நடக்கையில் காது நிரலின் நடுவத்தைச் சற்று மறந்து, வடிவின் திரும்பலையே பற்றிக்கொள்கிறது. இதனைப் பெல்சிய நாட்டு இசையறிஞர் பெட்டிசு 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். வேறிடத்தில் தவிர்க்கப்படும் 7ஆம் கூட்டின் நேர்நிலையும், 7ஆம் படி இருகுரலில் ஒலிப்பதும் இங்கே பொறுத்துக்கொள்ளப்படுவது அதனாலேயே. ஆயின் அப்பொறுமைக்கும் எல்லை உண்டு. முதலுருவும் ஒரு மறுவுருவும் கேட்டதும் செவி நெறியை அறிந்துவிடும். மூன்றாவதை அது முன்கூட்டியே பாடிக்கொள்ளும். நான்காவதும் மாறாது வந்தால் அங்கே படைப்பு நின்று பொறி ஓடத் தொடங்கியதாகவே கொள்ள வேண்டும். இதனாலேயே தேர்ந்தோர் மூன்றாம் முறை பாதியில் வெட்டுகின்றனர், அல்லது கூட்டின் விரைவை இருமடங்காக்குகின்றனர்.

மாறாத அடுக்கை இத்தாலியப் பாட்டொன்றின் பெயரால் உரோசாலியா என்றும், செருமானியர் செருப்புத் தைப்போர் ஒட்டு என்றும் எள்ளினர். 1819இல் பதிப்பாளர் தியாபெல்லி இசைவாணர் பலருக்கு அனுப்பிய ஆடலிசையில் ஒரு சிறு நடையை ஒரு படி உயர்த்தி அப்படியே திரும்பச் சொன்ன இடம் உண்டு. பேத்தோவன் அதனைச் செருப்புத் தைப்போர் ஒட்டு என்றே இகழ்ந்ததாக அவர் வரலாற்றை எழுதிய சிந்தலர் குறித்துவைத்தார். சிந்தலரின் கூற்றுகள் எல்லாம் நம்பத்தக்கன அல்ல. ஆனால் அவ்வாடலின்மேல் பேத்தோவன் 33 மாறுவடிவுகள் எழுதி 1823இல் வெளியிட்டார் என்பதில் ஐயமில்லை.