ஆறு மணி அழுகை

“சாயங்காலம் ஆறு மணி ஆனாப் போதும் டாக்டரம்மா, கடிகாரம் வச்ச மாதிரி ஆரம்பிச்சிடுறா” என்றார் பாட்டி. அவர் மடியில் இருந்த பெண் குழந்தைக்கு அன்று 40 நாள். அப்போது காலை பதினொரு மணி. குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கம் கெட்டுப்போயிருந்தது பாட்டிக்கும் தாய்க்கும்தான்.

கேட்கக் கேட்கக் கதை தெளிவானது. சாயங்காலம் தொடங்கும் அழுகை இரவு ஒன்பதரை, பத்து வரை போகிறது. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. விரல்கள் இறுக மூடிக்கொள்கின்றன, கால்கள் வயிற்றோடு மடங்குகின்றன, நடுநடுவே காற்றுப் பிரிகிறது. பால் கொடுத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பத்து மணிக்கு, யாரும் எதுவும் செய்யாமலேயே அழுகை ஓய்கிறது. மறுநாள் பகல் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை.

பாட்டியின் பையில் கிரைப் வாட்டர் ஒன்று, வாயுவுக்கான சொட்டு மருந்து ஒன்று, உரைமருந்துக்கான வசம்பும் ஜாதிக்காயும் இருந்தன. “உரம் விழுந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. எங்க ஊர்ல ஒரு அம்மா சேலையில போட்டு உருட்டி எடுப்பாங்க. அழைச்சிட்டுப் போலாமா?” என்றும் கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா, முதல்ல குழந்தையைப் பார்த்துடுறேன்” என்றேன்.

துணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பார்த்தேன். பிறந்த எடை 2.9 கிலோ, அன்றைய எடை 3.9 கிலோ. முதல் பத்து நாளில் குறைந்த எடையைத் திரும்பப் பிடித்தபின், நாளொன்றுக்கு 30 கிராம் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் போகிறாள். காய்ச்சல் இல்லை, உச்சிக்குழி மட்டமாக இருக்கிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, தொடை இடுக்கில் வீக்கம் இல்லை. அழுகையைத் தவிர வேறு எதிலும் குறை இல்லாத குழந்தை. இதைத்தான் கோலிக் என்கிறோம்.

1954-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸல் இதற்கு ஒரு ‘மூன்று’ கணக்குச் சொன்னார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகை. இன்று நாங்கள் அவ்வளவு கறாராக மணி பார்ப்பதில்லை. ஆனால் அழுகையின் வடிவம் முக்கியம். இரண்டு வாரத்தில் தொடங்கும், ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். குறைமாதக் குழந்தையானால் பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். காரணம் இன்னதென்று இதுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயிற்றில் காற்று சேர்ந்ததால் அழுகிறாள் என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். பல நேரங்களில் நடப்பது தலைகீழ்: அழும்போது காற்றை விழுங்குகிறாள், அந்தக் காற்றுதான் பிறகு பிரிகிறது.

பால் கொடுக்கும் விதத்தையும் பார்க்க விரும்பினேன். குழந்தை விழித்ததும் கொடுக்கச் சொன்னேன். தாய் முதுகை வளைத்துக் குனிந்தார். குழந்தை மடியில் மல்லாந்து கிடக்க, கழுத்து மட்டும் மார்பின் பக்கம் திரும்பியிருந்தது. கழுத்தைத் தோள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால் அந்தச் சிரமம் நமக்கே புரியும். குழந்தை காம்பின் நுனியை மட்டும் பிடித்திருந்தாள். ‘டக், டக்’ என்று நாக்கு சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கன்னம் குழிந்தது. வாயை எடுத்தபோது காம்பு ஒரு பக்கம் நசுங்கிச் சரிந்திருந்தது. இந்த மூன்றும் பிடிப்பு சரியில்லை என்பதற்கும், பாலோடு காற்றும் உள்ளே போகிறது என்பதற்கும் அடையாளம்.

தாயை நாற்காலியில் முதுகு சாய உட்காரவைத்து, கைக்கு அடியில் தலையணை கொடுத்தோம். குழந்தையை மொத்தமாகத் தாயின் பக்கம் திருப்பினோம். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. தலையைப் பின்னாலிருந்து அழுத்தாமல், தோளையும் பிடரியையும் மட்டும் தாங்கச் சொன்னேன். மூக்குக்கு நேரே காம்பு இருக்க வேண்டும். மேலுதட்டில் காம்பு உரசியதும் குழந்தை கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும் ஒரு நொடி வரும். அதுவரை காத்திருந்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் தாடை மார்பில் படட்டும். சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே மறைந்து மேலே மட்டும் கொஞ்சம் தெரியும். நான்காவது முயற்சியில் அமைந்தது. ‘டக்’ சத்தம் நின்றது. இழுப்பு, இழுப்பு, பிறகு ஒரு முழுங்கல் என்று நிதானமான தாளம் வந்தது. “இப்ப வலிக்கலை டாக்டர்” என்றார் தாய். ஐந்து வாரமாக ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறார். வலிப்பது சகஜம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பத்து நிமிடம் ஆனதும் மணி பார்த்துப் பக்கம் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விட்ட பிறகு மறுபக்கம் கொடுத்தால் போதும். வேறு வழியில்லாமல் புட்டிப்பால் கொடுக்கும் வீட்டில், குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, ரப்பர் காம்பு முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி புட்டியைச் சாய்க்க வேண்டும். நடுநடுவே எடுத்து மூச்சு விடவும் இடைவெளி தர வேண்டும்.

அடுத்து ஏப்பம். தோளில் சாய்த்து, தலையையும் கழுத்தையும் ஒரு கையால் தாங்கி, மறுகையால் முதுகை மெதுவாகத் தடவலாம், தட்டலாம். மடியில் உட்காரவைத்து லேசாக முன்னால் சாய்த்தும் செய்யலாம். அப்போது தாங்கும் விரல்கள் தாடை எலும்பில் இருக்க வேண்டும், தொண்டையில் படக்கூடாது. ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் விட்டுவிடலாம். பால் குடித்தபடியே தூங்கிப்போன குழந்தையை ஏப்பத்துக்காக எழுப்பவும் வேண்டாம். ஏப்பம் வராததால்தான் கோலிக் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சண்டிகரில் 71 தாய்சேய் ஜோடிகளை வைத்து நடத்தி, 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏப்பம் எடுக்கவைத்த குழந்தைகளிடம் கோலிக் குறையவில்லை, பால் கக்குவதுதான் அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஏப்பம் வரவில்லையே என்று நள்ளிரவில் அரைமணி நேரம் முதுகைத் தட்டும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

வாயுச் சொட்டு மருந்தும் கோலிக்கைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வெறும் போலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உரைகல்லில் இழைத்துத் தரும் மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க முடியாது, கல்லும் தண்ணீரும் சுத்தமாக இருந்தன என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிய மருந்தும் போதும்.

உரம் எடுப்பதைப் பற்றிப் பாட்டியிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன். சேலையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவது, தொண்டையில் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பது எல்லாமே ஆபத்து. இந்த வயதில் தலை கனமானது, கழுத்துக்கு அதைத் தாங்கும் பலம் கிடையாது. குலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கிழிந்துவிடும். அழுகைச் சத்தம் தாங்காமல் பெற்றவர்களே குலுக்கிவிடுவதும் உண்டு. அப்படிக் கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே போய் நிற்கலாம். தனியே அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

தோளில் போட்டு நடப்பது, முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தாங்குவது, விளக்கைக் குறைப்பது, வெறும் மார்போடு அணைத்துக்கொள்வது என்று எது எடுபடுகிறதோ அதைச் செய்யலாம். சில நாள் எதுவும் எடுபடாது. இந்தக் குழந்தையும் பிடிப்பு சரியான பிறகு பால் கக்குவதைக் குறைத்தாள், ஆனால் அடுத்த வாரமும் சாயங்காலம் அழுதாள். மூன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு வந்தபோது, அது எப்போது நின்றது என்று பாட்டிக்கே சரியாக நினைவில்லை.

ஆனால் கோலிக் என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால், அதன்பின் வரும் எல்லா அழுகையையும் அதே கணக்கில் போட்டுவிடுகிறோம். அங்கேதான் பயம். பதினோரு வார ஆண் குழந்தை ஒன்று. மாலை அழுகைக்கு வீடே பழகியிருந்தது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வீறிட்டு அழத் தொடங்கி, மதியம் வரை நிற்கவில்லை. காலுறையோடு தூக்கி வந்தார்கள். கழற்றினேன். வலது காலின் நான்காவது விரல் நுனி கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. விரலின் அடியில் கயிறு கட்டியதுபோல ஒரு பள்ளம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே புதைந்த ஒற்றைத் தலைமுடி, தாயுடையது. பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் தாய்க்கு முடி கொட்டத் தொடங்கும். அது காலுறைக்குள்ளோ துணியிலோ சிக்கி, விரலைச் சுற்றி இறுகிவிடும். ஆண்குறியிலும் இப்படிச் சுற்றுவதுண்டு. அறுத்து எடுத்தோம், விரல் தப்பியது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அதனால் வழக்கம் மாறிய அழுகை என்றால், முதல் வேலையாகத் துணியை எல்லாம் கழற்றி, தலையிலிருந்து கால்விரல் வரை வெளிச்சத்தில் பாருங்கள். தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ உள்ளே போகாத கெட்டியான வீக்கம் இருந்தால் குடல் இறங்கிச் சிக்கியிருக்கலாம். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படும். வாந்தி பச்சையாக வந்தால், ஒரே முறை வந்தாலும், குடல் முறுக்கிக்கொண்டதாக நினைத்து உடனே கிளம்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சத்தம் பெரிதாக இருப்பதை வைத்து நாங்கள் பயப்படுவதில்லை. முனகலாகத் தேய்ந்த அழுகை, தூக்கினால் இன்னும் அதிகமாகும் அழுகை, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, உச்சிக்குழி புடைப்பது, மூச்சு வாங்குவது, வலிப்பு ஆகியவைதான் எங்களை ஓடவைக்கும். கோலிக் நின்றிருக்க வேண்டிய நான்கைந்து மாதத்துக்குப் பிறகு புதிதாக ஒரு அழுகை வந்து, கால் மணிக்கு ஒரு தடவை வீறிட்டு, முகம் வெளுத்து, இடையில் துவண்டு போனால், குடலுக்குள் குடல் சொருகியிருக்கக்கூடும். ரத்தமும் சளியும் கலந்த மலம் அதில் பிந்தித்தான் வரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும்போது இரண்டு விவரம் கையில் இருந்தால் எங்களுக்குப் பேருதவி: கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது. வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள்.