ஷீட் பைலை எவ்வளவு ஆழம் இறக்கணும்? ஒரு டெல்டா கணக்கு

மேட்டூர் அணை வழக்கமா ஜனவரி 28-இல் மூடப்படும், ஜூன் 12-இல் திறக்கப்படும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில மாதங்கள்தான் டெல்டாவில் ஆற்று வேலைகளுக்கான காலம். தஞ்சாவூர் நகரத்துக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயின் (நம்ம ஊர் பேச்சில் புது ஆறு) கரையிலோ, கொள்ளிடத்தின் மணல் படுகையிலோ ஒரு குழி வெட்டணும்னு வச்சுக்கோங்க. மணல் சரியாமல் இருக்க இரும்பு ஷீட் பைல்களை வரிசையாக அடித்து இறக்குவார்கள். மேலே ஆங்கர் கிடையாது, குறுக்கே முட்டுக் கொடுப்பதும் கிடையாது என்றால் அது கேன்டிலீவர் சுவர். மண்ணுக்குள் புதைந்திருக்கும் பகுதி மட்டும்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படியானால் எவ்வளவு புதைக்கணும்?

சுவர் எப்படி நிற்கிறது?

குழிக்கு மேலே நிற்கும் மண்ணின் உயரம் H, குழியின் தரைக்குக் கீழே பைல் புதையும் ஆழம் D. பின்னால் இருக்கும் மணல் சுவரைக் குழிப் பக்கம் தள்ளுகிறது. இது ஆக்டிவ் அழுத்தம். சுவர் முன்னால் சாயும்போது குழிப் பக்க மணல் நசுங்கி எதிர்த்துத் தள்ளுகிறது. இது பாசிவ் அழுத்தம். சுவர் அப்படியே நகர்வதில்லை. அடிமுனைக்குச் சற்று மேலே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே அடிமுனை பின்பக்கம் உதைக்கும். அதனால் அங்கே பாசிவ் எதிர்ப்பு பின்பக்க மணலிலிருந்து வரும்.

இந்தக் கடைசிப் பகுதிதான் கணக்கைச் சிக்கலாக்குகிறது. எளிய முறையில் அதை முழுவதையும் R என்ற ஒரே விசையாக அடியில் ஒரு புள்ளியில் வைத்துவிடுகிறோம். அந்தப் புள்ளியைச் சுற்றியே மொமென்ட் எடுத்தால் R கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பது இரண்டு முக்கோணங்கள் மட்டும்:

```
Ka·γ·(H+D)³/6 = Kp·γ·D³/6
((H+D)/D)³ = Kp/Ka
```

இரண்டு பக்கமும் γ அடிபட்டுப் போவதைக் கவனிங்க. காய்ந்த மணலில் அதன் எடை எவ்வளவு என்பது D-யை மாற்றாது. உராய்வுக் கோணம் மட்டும்தான் மாற்றும்.

3 மீட்டர் குழிக்குப் போட்டுப் பார்ப்போம்

H = 3 மீட்டர், உராய்வுக் கோணம் 30°, γ = 18 kN/m³. ரேங்கின் முறையில் Ka = 1/3, Kp = 3. விகிதம் 9, அதன் கனமூலம் 2.08. அதாவது D = 3/1.08 = 2.78 மீட்டர். இதோடு 20% கூட்டி 3.33 மீட்டர் என்று எழுதி முடிப்பது வழக்கம்.

இந்த 20%-ஐப் பாதுகாப்புக்காகச் சேர்த்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. உண்மையில் நாம் புள்ளியாக வைத்த R-க்கு மண்ணில் இடம் கொடுக்கத்தான் அந்த நீளம். சரிபார்க்கலாம். முன்பக்கப் பாசிவ் விசை சுமார் 209, பின்பக்க ஆக்டிவ் விசை சுமார் 100 (ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு kN). ஆக, R = 109. கூட்டிய 0.56 மீட்டரில் பின்பக்கம் கிடைக்கும் நிகர அழுத்தம் சராசரியாக 309 kPa, அதாவது சுமார் 172 kN. 109-க்குப் போதும். ஆனால் மணலின் கோணம் 30° இல்லாமல் 27° ஆகிவிட்டால் சுவரைக் காப்பாற்றுவதற்கென்று தனியாக நாம் எதுவும் வைக்கவில்லை.

பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்கணும். ஒரு வழி, Kp-ஐ 1.5-ஆல் வகுப்பது. அப்போது Kp = 2, விகிதம் 6, கனமூலம் 1.817. D = 3.67 மீட்டர், R-க்கான 20% சேர்த்தால் 4.4 மீட்டர். 3.33-க்கும் 4.4-க்கும் நடுவில் இருக்கும் ஒரு மீட்டர்தான் நிஜமான பாதுகாப்பு.

தண்ணீர் வந்தால் கணக்கே வேற

γ அடிபட்டுப் போனது காய்ந்த மணலில் மட்டும். வாய்க்காலில் தண்ணீர் விட்டு பின்பக்க நிலத்தடி நீர் குழித் தரையைவிட 1 மீட்டர் உயர்ந்துவிட்டது, குழிக்குள் பம்பு போட்டு தரை மட்டத்தில் வைத்திருக்கிறோம் என்று எடுத்துக்கோங்க. இப்போது மூன்று விஷயங்கள் மாறுகின்றன. பின்னாலிருந்து தண்ணீரின் அழுத்தம் தனியாகத் தள்ளுகிறது. தண்ணீரில் மூழ்கிய மணலின் எடை 18-லிருந்து சுமார் 10-ஆகக் குறைகிறது. பின்பக்கம் மேல் 2 மீட்டர் மட்டும் பழைய எடையோடு இருக்கிறது. முன்பக்கமோ முழுக்க மூழ்கிய மணல், அதாவது நம்மைத் தாங்கும் பாசிவ் ஏறக்குறைய பாதியாகிறது.

நீர் அழுத்த வித்தியாசம் குழித் தரையில் 10 kPa, அங்கிருந்து அடிமுனையில் பூஜ்யமாகக் குறைகிறது என்று வைத்து அதே மொமென்ட் சமன்பாட்டை எழுதினால் (Kp = 2):

```
12(D+1.67) + 6(D+1)² + 0.556(D+1)³
  + 5(D+0.33) + 3.33D² = 3.33D³
```

சில மதிப்புகளைப் போட்டுப் பார்த்தால் D = 6.06 மீட்டர், 20% சேர்த்து 7.3 மீட்டர். வெறும் 1 மீட்டர் தண்ணீர், புதைக்க வேண்டிய ஆழத்தை 4.4-லிருந்து 7.3-க்குக் கொண்டுபோய்விட்டது. காய்ந்த படுகையைப் பார்த்து டிசைன் செய்த சுவர், முறைப்பாசனத் தண்ணீர் வந்த வாரத்தில் சாய்வதற்கு இதுவே போதும்.

தரை இறங்கினால்

சமன்பாட்டில் H, D இரண்டும் குழித் தரையிலிருந்து அளக்கப்படுகின்றன. தரை 30 செ.மீ இறங்கினால் H கூடும், D குறையும், இரண்டும் ஒரே நேரத்தில். ஜேசிபி ஓட்டுநர் கொஞ்சம் அதிகமாக வெட்டினாலும் இதுதான், ஆறு அரித்தாலும் இதுதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் நிலைகுலைந்ததை நாம் பார்த்தோம். அது ஷீட் பைல் இல்லை. ஆனால் மணல் படுகையில் புதைந்திருப்பதை நம்பி நிற்கும் எதற்கும் படுகை இறங்குவது என்ன செய்யும் என்பதற்கு அது நல்ல பாடம்.

அதனால்தான் யூரோகோட் 7 கேன்டிலீவர் சுவருக்கு உயரத்தில் 10% (அதிகபட்சம் 0.5 மீட்டர்) கூடுதலாக வெட்டப்படும் என்று வைத்தே டிசைன் செய்யச் சொல்கிறது. நம்ம காய்ந்த குழியில் H = 3.3 என்று வைத்தால் D = 4.04, 20% சேர்த்து 4.85. பைலின் மொத்த நீளம் 7.4-லிருந்து 8.15 மீட்டர். 30 செ.மீ தரைக்காக 75 செ.மீ இரும்பு.

எங்கே இந்தக் கணக்கு நிற்கும்?

இது ஒரே சீரான மணலுக்கான கணக்கு. டெல்டாவில் மணலுக்கு நடுவே களிமண் அடுக்கு வருவது சகஜம். வந்தால் அழுத்த வரைபடத்தையே மாற்றி எழுதணும். உயரமும் ஒரு எல்லை. அதிகபட்ச வளைவு மொமென்ட் H-இன் கனத்துக்கு ஏற்பக் கூடும்; 3 மீட்டருக்கு (Kp = 3 என்றால்) சுமார் 61 kNm, 6 மீட்டருக்கு அதன் 8 மடங்கு. மேலே நகர்வும் அதிகமாகும் என்பதால் 4, 5 மீட்டரைத் தாண்டினால் ஆங்கர் போடுவதே வழி.

சைட்டில் மூன்றைப் பாருங்க. சுவரின் மேல்முனை தினமும் எவ்வளவு நகர்கிறது, பின்பக்க நிலத்தில் சுவருக்கு இணையாக வெடிப்பு விழுகிறதா, குழித் தரையில் தண்ணீரோடு மணல் கொப்பளிக்கிறதா. கடைசியாகச் சொன்னது தெரிந்தால் முன்பக்கப் பாசிவ் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆட்களை உடனே வெளியே ஏற்றிவிட்டு, குழிக்குள் தண்ணீரைத் திரும்ப விடுங்க.