4.1 நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மிக்சியின் மதிப்பீட்டுப் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 நட்சத்திரம் 62%, 4க்கு 14%, 3க்கு 6%, 2க்கு 4%, 1க்கு 14%. மதிப்பிட்டவர்கள் 212 பேர்.

ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அதன் சதவீதத்தால் பெருக்குங்கள்: 310, 56, 18, 8, 14. கூட்டினால் 406, நூறால் வகுத்தால் 4.06. சதவீதங்கள் முழு எண்ணாக்கப்பட்டவை என்பதால் சில படங்களில் கூட்டுத்தொகை 99 அல்லது 101 வரும். அப்போது அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். உங்கள் விடையும் தளம் காட்டுவதும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். எளிய சராசரியைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று அமேசானே சொல்கிறது.

இந்த 4.06ஐ எவ்வளவு நம்பலாம்? மதிப்பெண்கள் இப்படிச் சிதறியிருக்கும்போது, 212 பேருக்குத் தோராயமாக 0.2 முன்பின் இருக்கலாம். ஆகவே 4.2 வாங்கிய இன்னொரு மிக்சி இதைவிட மேல் என்று சொல்லிவிட முடியாது. இதே சதவீதங்களை 20 பேர் மட்டுமே தந்திருந்தால் பிழை 0.65 வரை போகும். அந்தச் சராசரியைப் பார்ப்பதே வீண்.

இதெல்லாம் மதிப்பிட்டவர்கள் நேர்மையானவர்கள் என்றால்தான். காசுக்கு எழுதிய பாராட்டை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. அதனால் நான் முதலில் பார்ப்பது அடிக்கோட்டைத்தான். 14% என்றால் ஏறக்குறைய 30 பேர். பார்சல் தாமதம் என்று திட்டியவர்களைத் தள்ளிவிடலாம். மூன்றே மாதத்தில் மோட்டார் புகைந்தது என்று பலர் ஒரே குரலில் எழுதியிருந்தால், சராசரி 4.06 ஆனாலும் அந்த மிக்சி வேண்டாம்.