ஒரு பிடி மணலும் எக்ஸ் கதிரும்

கடற்கரையிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன கனிமங்கள் உள்ளன என்று அறிய வேண்டும். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்கி நுரைக்கிறது. ஆகவே கிளிஞ்சல் தூளான கால்சியம் கார்பனேட் இருக்கிறது. நுரைக்காமல் எஞ்சி நிற்பது குவார்ட்சு போலிருக்கிறது. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கால்சியம் கார்பனேட் இயற்கையில் ஒரே உருவில் இருப்பதில்லை. கால்சைட்டு என்றும் அரகோனைட்டு என்றும் அதற்கு இரண்டு முக்கிய உருவங்கள் உண்டு. முத்துச் சிப்பியின் வெளி ஓடு கால்சைட்டு. உள்ளே பளபளக்கும் முத்துப் பூச்சு அரகோனைட்டு. இரண்டிலும் அதே அணுக்கள், அதே விகிதத்தில் உள்ளன. இரண்டும் அமிலத்தில் ஒரே மாதிரி நுரைக்கும். எந்தெந்தத் தனிமங்கள் உள்ளன என்று மட்டும் சொல்லும் வேதியியல் சோதனையால் இவற்றைப் பிரிக்க முடியாது. அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையைப் பார்த்தாக வேண்டும்.

படிகத்தினுள் அணுக்கள் தளந்தளமாக, சம இடைவெளிகளில் அடுக்கப்பட்டுள்ளன. இந்த இடைவெளி சில ஆங்ஸ்ட்ராம் அளவே. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. எக்ஸ் கதிரின் அலைநீளமும் ஏறக்குறைய இதே அளவு. எனவே படிகத்தின் மீது எக்ஸ் கதிர் படும்போது ஒவ்வொரு தளத்திலிருந்தும் சிறிதளவு கதிர் திரும்பி வருகிறது. மேல் தளத்திலிருந்து வரும் அலையைவிடக் கீழ்த் தளத்திலிருந்து வரும் அலை சற்று அதிக தூரம் பயணம் செய்கிறது. அந்த அதிகத் தூரம் சரியாக ஒரு முழு அலைநீளமாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். இதைத்தான் பிராக் தந்தையும் மகனும் 1913-இல் ஒரு சிறு சமன்பாடாகத் தந்தனர்: nλ = 2d sin θ. இதில் λ அலைநீளம், d தளங்களின் இடைவெளி, θ கதிர் தளத்தோடு செய்யும் கோணம். அலைநீளம் நமக்குத் தெரியும். கோணத்தை அளந்துவிட்டால் இடைவெளி கிடைத்துவிடும்.

பெரிய படிகம் ஒன்றே இருந்தால் அதைச் சரியான கோணத்தில் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். தூளில் அந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள இலட்சக்கணக்கான துகள்கள் எல்லாத் திசைகளிலும் கிடப்பதால், எந்தத் தளத்தை எடுத்துக்கொண்டாலும் அது சரியான கோணத்தில் அமைந்த துகள்கள் சில இருந்தே தீரும். 1916-இல் டெபை, ஷெரர் ஆகியோர் ஜெர்மனியிலும், அவர்களை அறியாமலே 1917-இல் ஹல் அமெரிக்காவிலும் கண்ட வழி இது.

இனி நம் மணலுக்கு வருவோம். முதலில் நல்ல நீரில் கழுவி உப்பைப் போக்க வேண்டும். மறந்தால் சோற்றுப்பின் படிகமும் வரைபடத்தில் வந்து நிற்கும். பிறகு அகேட் கல்லால் ஆன கல்வத்தில், கைக்கு மாவு போல் நெருடாமல் படும் வரை அரைக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. உலர்ந்த நிலையில் மணிக்கணக்காக அரைத்தால், அந்த அழுத்தத்திலேயே கால்சைட்டின் ஒரு பகுதி அரகோனைட்டாக மாறிவிடும். அப்புறம் கடலில் இல்லாத அரகோனைட்டைக் கல்வத்தில் உண்டாக்கிவிட்டுக் கடலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். சிறிது ஆல்கஹால் விட்டு மென்மையாக அரைப்பதே முறை.

தூளை ஒரு தட்டின் ஆழமற்ற பள்ளத்தில் நிரப்பி, மேற்பரப்பைத் தட்டின் விளிம்போடு மட்டமாக்கிக் கருவியில் வைக்கிறோம். தாமிரக் குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். கதிர் எண்ணி மெதுவாக வளைந்து நகர்ந்து, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் வருகிறது என்று பதிக்கிறது. தட்டையான கோட்டிலிருந்து ஆங்காங்கே கூர்மையான சிகரங்கள் எழுகின்றன. ஒவ்வொரு சிகரமும் ஒரு தளக் குடும்பத்தின் கையொப்பம். கருவி காட்டும் கோணம் θ அல்ல, 2θ. மாணவர்கள் பலரும் பாதியாக்க மறந்து தவிக்கும் இடம் இது.

நம் வரைபடத்தில் மிக உயர்ந்த சிகரம் 26.64 டிகிரியில் உள்ளது. பாதி 13.32, அதன் சைன் 0.2304. இதை இரண்டால் பெருக்கி, 1.5406-ஐ அதனால் வகுத்தால் 3.343 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கிறது. இந்த எண்ணை எங்கே தேடுவது? 1938-இல் ஹானவால்ட்டும் அவருடைய தோழர்களும் ஆயிரம் பொருள்களின் இடைவெளிகளைத் தொகுத்து, ஒவ்வொரு பொருளின் மூன்று வலுவான சிகரங்களை வைத்துத் தேடும் முறையை வகுத்தனர். இன்று கணிப்பொறி செய்வதும் அடிப்படையில் இந்தத் தேடலையே. ஆனால் கலவையில் ஒரு சிக்கல் உண்டு. உயர்ந்த மூன்று சிகரங்களும் மூன்று வேறு கனிமங்களுடையவையாக இருக்கலாம். ஒரே ஒரு சிகரத்தை நம்பி எந்தப் பெயரையும் சொல்லக்கூடாது.

3.343 குவார்ட்சின் வலுவான சிகரம். அது உண்மையானால் 20.86 டிகிரியில், அதாவது 4.26 ஆங்ஸ்ட்ராமில், இன்னொரு சிகரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கிறது. ஆகவே குவார்ட்சு உறுதி. அதன் சிகரங்களையெல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கிறோம். 26.2 டிகிரியிலும் 27.2 டிகிரியிலும் குவார்ட்சின் பெரிய சிகரத்துக்கு இருபுறமும் இரண்டு சிறு சிகரங்கள் காவல் நிற்கின்றன. இவை அரகோனைட்டினவோ? 33.1 டிகிரியில் பார்த்தால் அதன் மற்றொரு சிகரமும் தனியே தெரிகிறது. கால்சைட்டோ குவார்ட்சோ அங்கே குறுக்கிடுவதில்லை. எனவே அரகோனைட்டும் உறுதி.

கடைசியாக 29.4 டிகிரிக்கு அருகே கால்சைட்டின் சிகரத்தை எதிர்பார்க்கிறோம். ஆனால் சிகரம் 29.8 டிகிரியில் நிற்கிறது. இது கருவியின் பிழையா, கனிமத்தின் இயல்பா? தூளின் மேற்பரப்பு தட்டின் விளிம்புக்கு மேலோ கீழோ இருந்தால் சிகரங்கள் எல்லாமே ஒரே திசையில் நகரும். இதற்குச் சாட்சி நம்மிடமே இருக்கிறது. குவார்ட்சின் சிகரம் தன் இடமான 26.64-இல் அசையாமல் நிற்கிறது. ஆகவே கருவியில் பிழையில்லை, கால்சைட்டுதான் மாறியிருக்கிறது. 29.8-க்குரிய இடைவெளி 3.00 ஆங்ஸ்ட்ராம், தூய கால்சைட்டுக்கு 3.035. தளங்கள் நெருங்கியிருக்கின்றன. கால்சியத்தின் இடத்தில் அதைவிடச் சிறிய மக்னீசியம் புகுந்தால் இப்படித்தான் ஆகும். நெருக்கத்தின் அளவைக் கொண்டு கணக்கிட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கால்சியம் இடங்களில் மக்னீசியம் அமர்ந்திருக்கிறது. இத்தகைய கால்சைட்டு கடல் முள்ளெலிகளின் ஓட்டிலும் சுண்ணாம்புப் பாசிகளிலும் காணப்படுவது. சிப்பிகளுக்கு இவ்வளவு மக்னீசியம் ஏறுவதில்லை. சிகரம் அரை டிகிரி கூட நகராத அந்த நகர்வு, மணல் எந்த உயிரினத்தின் ஓட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டது.

எது எவ்வளவு என்று சிகரங்களின் உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கால்சைட்டும் அரகோனைட்டும் சம எடையில் இருந்தாலும், கால்சைட்டின் பெரிய சிகரம் அரகோனைட்டுடையதைவிட இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். அதோடு கால்சைட்டு உடையும்போது சாய்சதுர முகங்களாகப் பிளக்கிறது. தட்டில் அழுத்தி நிரப்பினால் அம்முகங்கள் எல்லாம் மட்டமாகப் படுத்துக்கொண்டு, அந்த ஒரு சிகரத்தை மட்டும் அளவுக்கு மீறி உயர்த்திவிடும். தூளை அழுத்தாமல், தட்டின் பின்புறமாக நிரப்பினால் இந்தப் பிழை குறையும். அளவு துல்லியமாக வேண்டுமானால், தெரிந்த விகிதத்தில் கலந்த மாதிரிகளை அதே கருவியில் வைத்து ஒப்பிட வேண்டும்.

நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்குக் குறைவாக உள்ள கனிமத்தின் சிகரம் பெரும்பாலும் அடிக்கோட்டின் நடுக்கத்தில் மறைந்துபோகும். அடுக்கு ஒழுங்கே இல்லாத பொருளுக்குச் சிகரமே கிடையாது. நம் மணலில் உடைந்த பாட்டிலின் கண்ணாடித் தூள் கலந்திருந்தால், வரைபடத்தில் 20-க்கும் 30-க்கும் இடையே அகன்ற மேடு ஒன்று லேசாக உயர்ந்து தாழும். அதைக் கவனிக்காமல் விட்டால், படிகங்களை மட்டும் கூட்டி நூறு சதவீதம் என்று எழுதிவிடுவோம்.